சட்டைக் காலர் எட்டிப் பார்க்கும் இடங்கள்

போடிநாயக்கனூரில் படம் செய்து கொடுக்கும் எங்களிடம் வருகிற அஞ்சலிப் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். இறந்தவர் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருப்பார். தனியாக எடுத்த படம் வீட்டில் இருக்காது. மகனோ மகளோ போனை நீட்டுவார்கள். அதில் ஏலக்காட்டில் நாலைந்து பெண்கள் சேர்ந்து நிற்பார்கள். சேலைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை, மழைக்குச் சுற்றிய பிளாஸ்டிக் தாள், தோளில் சோற்றுப் பை. விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் காய் எடுக்கப் போகிறவர்கள் அந்தச் சட்டை இல்லாமல் போவதில்லை. ஏலச்சரம் செடியின் தூரில் தரையோடு தரையாகக் கிடக்கும். குனிந்து உட்கார்ந்து ஈரத்தோகைகளை ஒதுக்கித்தான் காய் எடுக்க வேண்டும். பூச்சிக்கும் அட்டைக்கும் குளிருக்கும் அந்தச் சட்டைதான் காவல்.

"அண்ணே, இந்தச் சட்டைய எடுத்துட்டு அம்மாவுக்கு ஒரு பட்டுச்சேல போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள். உயிரோடு இருந்தபோது கல்யாண வீட்டுக்கு உடுத்திப் போன மாதிரி அம்மாவைச் சுவரில் பார்க்க நினைப்பதில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஆசையை நான் பெரிதாகவே மதிக்கிறேன். அதனால்தான், சேலை போட்ட பிறகு பழைய சட்டை எங்கெங்கே மிச்சமிருக்கிறது என்று பார்ப்பதை, சேலை போடுவதைவிடப் பெரிய வேலையாகச் செய்கிறேன். சேலை போடுவது இப்போது எல்லாருக்கும் வரும். விதவிதமான பட்டுச்சேலை டெம்ப்ளேட்கள் எல்லா ஸ்டூடியோவிலும் கிடக்கின்றன. தலையை வெட்டி வைத்தால் பத்து நிமிடத்தில் படம் மாதிரி ஒன்று வந்துவிடும். ஆனால் அந்தப் படத்தை மாலை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு மகள் ஒரு முழத் தூரத்தில் நின்று பார்க்கப் போகிறாள். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலப் படத்தில், கழுத்தோரம் ஒரு மில்லிமீட்டர் காலர் மிச்சமிருந்தால், முதல் வாரம் தெரியாது. அடுத்த மாதம் கண்ணில் படும். பட்ட பிறகு முகம் போய்விடும். அந்த ஓரம்தான் தெரியும்.

சோதனை படம் முடிந்த பிறகு தொடங்குவதில்லை. படத்தைத் திறக்கும் முன்பே, கொண்டுவந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, கழுத்தைப் பெரிதாக்கி, அங்கே இருப்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். காலர் போக வேண்டியது. முதல் பொத்தான் போக வேண்டியது. பை வார் போக வேண்டியது. காலருக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு நூல் மாதிரி தெரிகிறதே, அது? தாலிக்கயிறு. காட்டு வேலைக்குப் போகிறபோது பலர் தாலிச்சங்கிலியைக் கழற்றிவைத்துவிட்டு மஞ்சள் கயிறு மட்டும் கட்டியிருப்பார்கள். வேலை செய்து செய்து அது அழுக்கேறிப் பழுப்பாகி இருக்கும். படத்தில் அது சட்டையின் தையல் விளிம்பு போலவோ பை வாரின் நுனி போலவோதான் தெரியும். தெரியாதவர் அதையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். கணவர் உயிரோடு இருக்க, சுமங்கலியாகப் போன அம்மாவின் கழுத்தில் தாலிக்கயிறு இல்லாத படத்தை அந்த வீட்டில் எப்படி மாட்டுவார்கள்? கறுப்புக்கயிறு, தாயத்து, சிலுவை போட்ட மெல்லிய செயின் எல்லாம் இதே கணக்குத்தான். எது பழைய உடுப்பு, எது அந்த மனுஷி என்பதைக் கணினித் திரை சொல்லாது. வீட்டார்தான் சொல்ல வேண்டும். அந்தத் தாள் கடைசி வரை மேஜையில் இருக்கும். முடிவில், போக வேண்டியது போயிருக்கிறதா என்று பார்ப்பதுபோலவே, இருக்க வேண்டியது இருக்கிறதா என்றும் அதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது கோப்பு. வாட்ஸ்அப்பில் வழக்கமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் எடுத்தபடியே வரும். இதைக் கெஞ்சிக் கேட்டு வாங்குவேன். காரணம் தெளிவு மட்டும் இல்லை. ஜேபெக் கோப்பு வெளிச்சத்தையும் நிறத்தையும் ஒரே அளவில் சேமிப்பதில்லை. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று தோராயமாக வைத்துக்கொள்ளும். அதனால் சிவப்புக் கட்டம் போட்ட காலரின் சிவப்பு, காலர் முடிகிற இடத்தில் நிற்காது. ஒன்றிரண்டு புள்ளி தாண்டிக் கழுத்துத் தோலுக்குள் கசிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் விளிம்பின் மேலேயே அச்சாக வெட்டினால், காலர் போய்விடும், காலரின் சிவப்பு கழுத்தில் நூல் மாதிரி தங்கிவிடும்.

இது எவ்வளவு பெரிதாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கும்பலாக எடுத்த படத்தில் நமக்கு வேண்டிய முகமும் தோளும் சேர்ந்து 400 புள்ளி அகலம் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு அங்குல அகலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் அச்சடிக்க 3600 புள்ளி வேண்டும். ஒன்பது மடங்கு பெரிதாக்க வேண்டும். இரண்டு புள்ளிக் கசிவு பதினெட்டுப் புள்ளியாகும். தாளில் அது ஒன்றரை மில்லிமீட்டர். அதே படம் டாக்குமெண்டாக வந்து முகமும் தோளும் 900 புள்ளி இருந்தால், நாலு மடங்குதான் பெருக்க வேண்டியிருக்கும். கசிவு முக்கால் மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். அதனால் கழுத்து ஓரத்தில் விளிம்பின் மேல் வெட்டாமல், மூலப் படத்தின் அளவிலேயே இரண்டு மூன்று புள்ளி தோலுக்குள் தள்ளி வெட்டுவேன். இழந்த அந்தச் சின்ன ஓரத்தைப் பக்கத்துத் தோலிலிருந்து எடுத்து நிரப்புவது சுலபம். கசிந்த நிறத்தைப் பிறகு தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். பெரிதாக்குவதும் கடைசி வேலை. முதலில் பெரிதாக்கிவிட்டுத் துடைக்கத் தொடங்கினால் அழுக்கும் சேர்ந்து பெரிதாகும்.

இனி காலருக்கு வருவோம். முன்பக்கத்துக் காலரை யாரும் விடுவதில்லை. எல்லாரும் விடுவது பின்கழுத்துக் காலரை. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்கிற பட்டி. நேராகப் பார்த்து நிற்கிறவரின் இரண்டு காதுமடலுக்கும் கீழே, கழுத்துக்கும் கொண்டைக்கும் நடுவில், அந்தப் பட்டியின் உள்பக்கம் ஒரு சின்ன முக்கோணமாகத் தெரியும். நிழலில் இருப்பதால் அது முடியோடு முடியாகக் கலந்திருக்கும். ஜாக்கெட்டுக்குப் பின்கழுத்து தாழ்வு. அங்கே துணியே இருக்கக் கூடாது. சட்டையை எடுத்துவிட்டோம் என்று நினைத்திருக்கும் படத்தில், காதுக்குக் கீழே கறுப்பாக ஒரு முக்கோணம் நின்றால், அது முடியில்லை, காலர். முடி என்றால் இழை தெரியும், ஓரம் கலைந்திருக்கும். காலரின் மேல்விளிம்பு நேர்கோடாக இருக்கும். நேர்கோடு உடம்பில் எங்கும் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு காதுக்குக் கீழே பார்த்தால் போதும்.

தோளில் பை மாட்டியிருந்தால் இன்னொன்றும் நடந்திருக்கும். வார் சட்டையைத் தன் பக்கம் இழுத்திருக்கும். இடதுதோளில் பை என்றால் காலர் முழுக்க இடப்பக்கம் சரிந்து, வலக்கழுத்தில் மேலேறி நிற்கும். டெம்ப்ளேட் ஜாக்கெட்டின் கழுத்து இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். அதை வைத்தால் இடப்பக்கம் சரியாக மூடும், வலப்பக்கத்தில் காலரின் மேல்விளிம்பு ஜாக்கெட்டைத் தாண்டி வெளியே நிற்கும். ஆகவே பை எந்தத் தோளில் என்று பார்த்துக்கொண்டு, எதிர்ப்பக்கக் கழுத்தைத்தான் முதலில் சோதிக்கிறேன்.

காலரைத் துடைத்தாலும் காலரின் நிழல் போவதில்லை. கழுத்தோடு ஒட்டி மெல்லிய கருங்கோடாக அது தங்கும். வயதானவர்களின் கழுத்தில் மடிப்புகள் இருக்கும். அந்த மடிப்புகளுக்கு நடுவே இந்தக் கோடும் ஒரு மடிப்பு மாதிரியே கிடக்கும். அவசரத்தில் நிழலை விட்டுவிட்டு மடிப்பைத் துடைத்த படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. மடிப்பு கழுத்தைச் சுற்றிப் படுக்கையாக ஓடும், இரண்டு முனையிலும் தேய்ந்து மறையும், அதற்குக் கீழே ஒட்டியே வெளிச்சமான ஒரு மேடு இருக்கும். காலர் நிழல் காதுப்பக்கத்திலிருந்து தொண்டைக்குழியை நோக்கிச் சாய்வாக இறங்கும். காலர் இருந்த பக்கத்தில் அதன் ஓரம் கத்தி வெட்டு மாதிரி இருக்கும், தோல் பக்கத்தில் மெதுவாகக் கரையும். ஒருபக்கம் கூர், மறுபக்கம் கரைசல் என்றால் அது துணி விழுத்திய நிழல். அதை எடுத்துவிட வேண்டும். மடிப்பை விட்டுவிட வேண்டும். அது அவருடைய கழுத்து.

மலையில் எடுத்த படங்களுக்கே உள்ள ஒரு தொல்லை நிறம். ஏலம் வெயிலில் வளராது. மேலே நிழல் மரங்கள், கீழே ஆளுயரத்துக்குமேல் தோகை. வெளிச்சம் இலைகளில் பட்டுப் பட்டுத்தான் முகத்துக்கு வரும். எனவே முகம் முழுக்க மெல்லிய பச்சை இருக்கும். அது ஒரே சீராக இருப்பதால் ஒட்டுமொத்தமாகத் திருத்திவிடலாம். ஆனால் தாடைக்கு அடியில் அந்தப் பச்சை இருக்காது. அங்கே, மார்பில் சுற்றியிருந்த நீலப் பிளாஸ்டிக் தாளின் வெளிச்சம் பட்டு நீலம் படர்ந்திருக்கும். பிளாஸ்டிக் ஈரமாக இருந்தால் இன்னும் அதிகம். சட்டையும் தாளும் படத்திலிருந்து போய்விட்டன, அவை முகத்தில் எறிந்த வெளிச்சம் போகவில்லை. மெரூன் பட்டுச்சேலைக்கு மேலே நீலம் பாய்ந்த தாடை. பார்க்கிறவர்களுக்கு என்னவென்று சொல்லத் தெரியாது, "அம்மா மொகம் என்னமோ மாதிரி இருக்குண்ணே" என்பார்கள். பிணத்தின் நிறம் என்று அவர்கள் வாய் சொல்லாது, மனம் சொல்லும். அஞ்சலிப் படத்தில் இதைவிடக் கொடுமையான மிச்சம் வேறில்லை.

இதைக் கண்டுபிடிக்க எல்லா லேயருக்கும் மேலே ஒரு Hue/Saturation லேயர் வைத்து, Saturation அளவை +80 வரை ஏற்றிப் பார்ப்பேன். கன்னமும் நெற்றியும் ஆரஞ்சாகக் கொதிக்கும். துணியின் நிறம் பட்ட இடம் மட்டும் நீலமாகவோ சாம்பலாகவோ தனியாகக் கிடக்கும். தாடை அடி, மூக்கின் அடி, கீழ் உதட்டுக்குக் கீழ்ப்பள்ளம், காதுமடலின் உள்பக்கம் என்று கீழ்நோக்கிய பரப்புகள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இடம் தெரிந்த பின் அந்தச் சோதனை லேயரை மூடிவிட்டு, கலப்பு முறையை Color என்று வைத்த ஒரு புது லேயரில், கன்னத்திலிருந்து எடுத்த நிறத்தை மென்மையான பிரஷ்ஷால் இருபது சதவீத அடர்த்தியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசலாம். Color முறை நிறத்தை மட்டும் மாற்றும், நிழல் அப்படியே இருக்கும். நீலத்தை எடுத்ததோடு நிற்கவும் கூடாது. மெரூன் பட்டு உண்மையில் உடுத்தியிருந்தால் அதன் சிவப்பு தாடையடியில் இலேசாகப் பட்டிருக்கும். அந்த இலேசான சிவப்பை, தெரிந்தும் தெரியாமலும், வைத்தால்தான் தலையும் சேலையும் ஒரே ஆளுடையதாகும்.

தோளில் மிச்சம் வேறு விதம். ஆம்பளைச் சட்டையின் தோள் தையல் அவர் தோளைத் தாண்டிக் கைமேல் இறங்கியிருக்கும், கணவர் சட்டையோ மகன் சட்டையோ, எப்படியும் பெரிது. அதற்கு மேல் பை வார் அழுத்தி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். சேலையின் தோள் அதைவிட ஒடுக்கம். பின்னணியை மாற்றிப் பளபளவென்று நீலமோ சாம்பலோ வைத்த பிறகு, சேலைத்தோளுக்கு வெளியே பழைய சட்டையின் அரைகுறை நிழலுருவம் புகை மாதிரி நிற்கும். மாஸ்க்கை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தவர்களின் படங்களில் இது எப்போதும் உண்டு. முழுக்க அழியாமல் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் தங்கிவிடும். கும்பல் படமானால் பக்கத்தில் நின்றவரின் பை வாரும் நம் ஆளின் தோளுக்குப் பின்னால் ஒரு துண்டு தெரிந்திருக்கும். அதுவும் புகைக்குள் புகையாக இருக்கும்.

அரைகுறையாக அழிந்ததைக் கண்ணால் தேடிப் பயனில்லை. மாஸ்க்கையே நேராகப் பார்க்க வேண்டும். ஃபோட்டோஷாப்பில் `Alt` விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சின்னப் படத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திரையில் வரும். முழுக் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டு இருந்தால் அங்கே பழசு இருக்கிறது என்று அர்த்தம். திட்டு மிக மங்கலாக இருந்தால், வெட்டிய லேயருக்கு Layer Style வழியாகத் தடித்த சிவப்பு Stroke ஒன்று கொடுத்துப் பார்ப்பேன். உருவத்தைச் சுற்றி ஒரே கோடாகச் சிவப்பு ஓட வேண்டும். உருவத்துக்கு வெளியே எங்காவது தனியாகச் சிவப்புப் புள்ளியோ வளையமோ தோன்றினால், நான் பார்க்காத தூசியளவு மிச்சம் அங்கே இருக்கிறது. துடைத்துவிட்டு Stroke-ஐ அணைத்துவிடுவேன்.

எனக்குப் பிடித்த சோதனை இருட்டைத் திறப்பது. பட்டுச்சேலை என்றால் பெரும்பாலும் மெரூன், கரும்பச்சை, கருநீலம். ஜாக்கெட்டும் அடர்நிறம். அடர்நிறத்துக்குள் என்ன ஒளிந்திருந்தாலும் திரையில் தெரியாது. காலரின் நுனி, பொத்தான், தையல் கோடு எல்லாம் அந்த இருட்டில் பத்திரமாக இருக்கும். அச்சில் வெளிச்சம் கூட்டினாலோ, வீட்டார் அந்தப் படத்தைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும்போது போன் தானாக வெளிச்சமாக்கினாலோ, அன்றைக்கு வெளியே வரும். அதற்கு முன் நாமே திறந்து பார்த்துவிட வேண்டும். மேலே ஒரு Curves லேயர் வைத்து, கோட்டின் இருட்டுப் பக்கத்தைப் பிடித்து, உள்ளே 40 இருக்கிற இடத்தை வெளியே 200 ஆகும்படி மேலே இழுக்கிறேன். படம் பார்க்கச் சகிக்காது, வெளுத்துத் தெறிக்கும். ஆனால் இருட்டில் இருந்ததெல்லாம் பகலில் வந்து நிற்கும்.

சமீபத்தில் செய்த ஒரு படத்தில் இப்படித் திறந்தபோது, தொண்டைக்குழிக்கு இரண்டு விரல் கீழே ஜாக்கெட்டின் நடுவில் ஒரு நேர்கோடு தெரிந்தது. சட்டையின் முன்பட்டித் தையல். டெம்ப்ளேட்டின் நிழற்பகுதி பாதி ஒளிபுகும் லேயராக இருந்ததால் அடியிலிருந்த சட்டை அதன் வழியே கசிந்திருந்தது. மேலிருந்த சேலையை எவ்வளவு துடைத்தாலும் அது போயிருக்காது. அடியில் இருந்த மூலப் படத்தின் மாஸ்க்கை ஜாக்கெட் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே முடித்து, இரண்டுக்கும் நடுவில் மெரூன் நிறம் நிரப்பிய ஒரு லேயரை வைத்ததும் கோடு மறைந்தது. இந்தக் காரணத்துக்காக இப்போதெல்லாம் எந்த டெம்ப்ளேட்டைப் போட்டாலும், அதற்கு அடியில் தற்காலிகமாகக் கிளிப்பச்சை நிறத்தை நிரப்பிப் பார்த்துவிடுகிறேன். சேலையில் எங்காவது பச்சை கசிந்தால், அங்கே பழைய துணியும் கசியும்.

அந்தப் படத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. சட்டையின் முதல் பொத்தான் போடாமல் வருடக்கணக்காக வேலை செய்தவர்களுக்குத் தொண்டைக்குக் கீழே முக்கோணமாகத் தோல் கறுத்திருக்கும். சட்டை மூடிய இடம் வெளுப்பாக இருக்கும். ஜாக்கெட் கழுத்து சட்டைக் கழுத்தைவிட அகலம் என்பதால், மூலப் படத்தில் இல்லாத தோலை நாம்தான் நிரப்ப வேண்டும். எந்த நிறத்தில் நிரப்புவது? கறுத்த முக்கோணத்தின் ஓரம் காலர் வடிவத்திலேயே இருக்கிறது. அதைப் பார்த்து இதுவும் சட்டையின் மிச்சம் என்று துடைத்து, முழுக்க ஒரே வெளுப்பாக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்தக் கறுப்பு துணியில் இல்லை, உடம்பில் இருக்கிறது. அவர் நிஜமாகவே பட்டுடுத்திக் கல்யாணத்துக்குப் போனபோதும் அது கழுத்தில் இருந்தது. நான் செய்தது, கறுப்பின் கூரான ஓரத்தை மட்டும் கரைத்து, தோலின் நிறம் கழுத்திலிருந்து தோள் பக்கம் மெதுவாக வெளுத்துப் போகும்படி விட்டது. மகளிடம் இரண்டு விதமாகவும் செய்து காட்டினேன். முழுக்க வெளுப்பாக்கியதைப் பார்த்து, "இது எங்கம்மா நெறமே இல்லண்ணே" என்றார். வீட்டார் எல்லாரும் இப்படிச் சொல்வதில்லை. "நல்லா செவப்பாக்கிக் குடுங்க" என்று கேட்பவர்களும் உண்டு. கேட்டால் செய்து கொடுப்பேன். கேட்காமல் நானாகச் செய்வதில்லை.

டெம்ப்ளேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலை இடப்பக்கம் திரும்பியிருக்கிறது, சேலை டெம்ப்ளேட் வலப்பக்கம் திரும்பியிருக்கிறது என்றால், டெம்ப்ளேட்டைப் புரட்டிப் போடுவார்கள். முந்தானை வலதுதோளுக்குப் போய்விடும். நம் பக்கத்துப் பெண்கள் முந்தானையை இடதுதோளில் போடுகிறவர்கள். ஆம்பளைச் சட்டையென்றால் பையும் பொத்தான் பட்டியும் பக்கம் மாறும். இதற்குப் பதிலாகத் தலையைப் புரட்டினால் மூக்குத்தியும் மச்சமும் பக்கம் மாறும். இது பழைய தவறு. 1860களில், ஆபிரகாம் லிங்கனுக்குக் கம்பீரமான முழுஉருவப் படம் வேண்டுமென்று, ஜான் கால்ஹூன் என்ற அரசியல்வாதியின் பழைய செதுக்குப் படத்தில் அவர் தலையை எடுத்துவிட்டு லிங்கன் தலையை வைத்தார்கள். அது வெகுகாலம் லிங்கன் படமாகவே உலவியது. ஸ்டெஃபான் லோரண்ட் என்ற பத்திரிகைக்காரர் பிற்காலத்தில் அதைப் பிடித்தார். முகத்து மச்சம் மாறுபக்கத்தில் இருந்தது. புரட்டுவதே இல்லை என்று முடிவுசெய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை. தலை திரும்பிய பக்கத்துக்குப் பொருந்துகிற டெம்ப்ளேட்டைத் தேடி எடுப்பேன். கிடைக்காவிட்டால் எங்கள் வீட்டில் யாரையாவது அதே சாய்வில், ஜன்னலோரம் மெல்லிய வெளிச்சத்தில், சேலை கட்டி நிற்கவைத்து எடுத்துக்கொள்வேன். ஏலக்காட்டு நிழல் வெளிச்சத்துக்கு அதுதான் ஃப்ளாஷ் போட்டு எடுத்த டெம்ப்ளேட்டைவிட நன்றாக ஒட்டுகிறது.

புரட்டுவது சோதனைக்கு மட்டும் உதவும். எல்லாம் முடிந்த பிறகு, முழுப் படத்தையும் தற்காலிகமாக இடவலமாக மாற்றி ஒரு பார்வை பார்க்கிறேன். மணிக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண், இருக்கிற மிச்சத்தையும் படத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டுவிடும். பக்கம் மாறியதும் படம் புதிதாகிவிடும். ஒரு தோள் மட்டும் தடித்திருப்பது, காதடியில் கறுப்பு முக்கோணம் நிற்பது எல்லாம் அந்த முதல் நொடியில் உறுத்தும். அந்த ஒரு நொடிதான் கணக்கு. உற்றுப் பார்க்கத் தொடங்கினால் மறுபடி பழகிவிடும்.

அச்சுக்குப் போகும் முன், தாடையிலிருந்து ஜாக்கெட் கழுத்து வரை உள்ள பகுதியை மட்டும் வெட்டி, பெரிய படத்தில் வரப்போகிற அதே அளவில், ஒரு நாலுக்கு ஆறு தாளில் அச்சடித்துப் பார்க்கிறேன். முழுப் படத்தையும் நாலுக்கு ஆறாகச் சுருக்கி அச்சடித்தால் சோதனையாகாது, சுருங்கும்போது மிச்சமும் சுருங்கி ஒளிந்துகொள்ளும். அதை வெயிலில் ஒருமுறையும், வீட்டுக் குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பளபளப்பான லேமினேஷன் போட்ட பிறகு இருட்டுப் பகுதிகள் இன்னும் ஆழமாகத் தெரியும். மேட் லேமினேஷனில் கொஞ்சம் வெளுத்து, ஒளிந்திருப்பது மேலே வரும். எது போடப்போகிறோமோ அதை மனதில் வைத்து Curves சோதனையை இன்னொருமுறை செய்வது நல்லது.

இந்தப் படத்தையே ஆதாருக்கோ பாஸ்போர்ட்டுக்கோ பயன்படுத்தலாமா என்று, உயிரோடு இருப்பவர்களுக்கு உடை மாற்றிக் கொடுக்கும்போது கேட்பார்கள். கூடாது. அவற்றுக்குப் படத்தை அந்தந்த மையங்களிலேயே நேரில் எடுக்கிறார்கள். விசா போன்றவற்றுக்குக் கணினியில் மாற்றிய படத்தை ஏற்பதும் இல்லை. இன்னொருவர் படத்தைக் கொண்டுவந்து, அவர் உடையைக் கழற்றிப் பார்க்கவோ மாற்றிப் பார்க்கவோ கேட்பவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். யார் படமோ அவர் கேட்க வேண்டும், அவர் இல்லையென்றால் அவர் வீட்டார் கேட்க வேண்டும்.

கடைசியாக, கோப்பை லேயர்களோடு வைத்திருப்பது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃப்ரேம் படம் கொண்டுபோனவர்கள், வருஷத் திதிக்குப் பத்திரிகை விளம்பரத்துக்கும் ஃப்ளெக்ஸுக்கும் திரும்பி வருவார்கள். பத்திரிகைக்குப் போவது தீப்பெட்டி அளவு, அதில் எந்த மிச்சமும் தெரியாது. ஃப்ளெக்ஸ் ஆறடிக்கு நாலடி. ஃப்ரேம் படத்தில் அரை மில்லிமீட்டராக இருந்து தப்பிய ஓரம், நாலு மடங்கு பெருகி இரண்டு மில்லிமீட்டராகத் தெருமுனையில் நிற்கும். எட்டி நின்று பார்க்கிற படம்தானே என்று விட எனக்கு மனம் வராது, அதன் கீழேதான் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். ஆகவே பழைய ஜேபெக்கை அப்படியே ஃப்ளெக்ஸ் கடைக்கு அனுப்பாமல், லேயர் கோப்பைத் திறந்து, கழுத்தும் தோளும் மட்டும் புதிய அளவுக்கு மறுபடி சோதித்துத்தான் அனுப்புகிறேன். அவர் சட்டையோடு நிற்கிற மூலப் படத்தையும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், தூசி துடைத்து நிறம் சரிசெய்து ஒரு சின்ன அச்சாகச் சேர்த்துக் கொடுத்துவிடுவேன்.